ஆண் நாய்க்கு ப்ராஸ்டேட் பிரச்சனை: சும்மா பெரிசானதா, இன்ஃபெக்‌ஷனா, ஆபரேஷன் எப்போ பண்ணணும்

கேள்வி: டாக்டர், எங்க லேப்ரடார் நாய் டைகருக்கு 7 வயசு, ஆபரேஷன் பண்ணல. ரெண்டு வாரமா அவன் படுத்து எழுந்த இடத்துல ரத்தச் சொட்டு இருக்கு, ஆய் போறப்போ முக்குறான், தட்டையா வருது. பக்கத்து கிளினிக்ல ப்ராஸ்டேட்னு சொல்லி ஆன்டிபயாடிக் குடுத்தாங்க, நின்னுது, மாத்திரை முடிஞ்சதும் திரும்ப வந்துருச்சு. இது வயசுல வர்ற வீக்கமா, இன்ஃபெக்‌ஷனா? விதையை எடுக்கிற கேஸ்ட்ரேஷன் ஆபரேஷன் பண்ணா சரியாயிடுமா? அம்மா பாவம்னு வேணாங்கிறாங்க. (வேளச்சேரி)

பதில்:

நீங்க எழுதினதுல ஒரு விஷயம் இல்லை, அதைத்தான் நான் முதல்ல கேட்பேன். டைகர் மத்தபடி எப்படி இருக்கான்? சாப்பாட்டு தட்டு சத்தம் கேட்டா ஓடி வர்றானா, காலைல வாக்கிங்க்கு பெல்ட்ட எடுத்தா குதிக்கிறானா, இல்ல ஒரு மூலைல படுத்தே கெடக்குறானா, பின்னங்கால விறைப்பா எடுத்து வச்சு மெதுவா நடக்குறானா, வயித்துக்கு கீழ தொட்டா திரும்பிப் பாத்து உறுமுறானா? எந்த ஸ்கேனும் எடுக்கறதுக்கு முன்னாடியே வெறும் வீக்கமா இன்ஃபெக்‌ஷனான்னு பாதி பதில் இதுலயே கிடைச்சிடும். வயசுல வர்ற வீக்கம் இருக்கிற நாய் நோயாளி மாதிரியே இருக்காது, ரத்தம் சொட்டிட்டே பந்து விளையாடும். திடீர்னு வந்த இன்ஃபெக்‌ஷன்னா காய்ச்சல், வாந்தி, சாப்பாடு வேணாம், வலின்னு நாய் நிஜமாவே படுத்துரும்.

முதல்ல அந்த உறுப்பு எங்க இருக்குன்னு சொல்லிடறேன், அப்பதான் மத்தது புரியும். ப்ராஸ்டேட் மூத்திரப்பை கழுத்துக்கு பின்னாடி, யூரின் குழாயை சுத்தி இருக்கிற சுரப்பி, அதுக்கு நேர் மேல மலக்குடல் போகுது. மனுஷனுக்கு இது பெருசானா உள்பக்கமா அமுக்கும், அதனாலதான் வயசான தாத்தாக்களுக்கு ஒண்ணுக்கு சரியா போகாது. நாய்க்கு அது வெளிப்பக்கமா வளரும், மேல இருக்கிற மலக்குடலை போய் தள்ளும். அதனால நாய்க்கு முதல்ல அடைபடுறது ஆய்தான், யூரின் இல்ல. நீங்க சொன்ன தட்டையா ரிப்பன் மாதிரி வர்றது, முக்குறது எல்லாம் அந்த அழுத்தம்தான். ஒரு ஆண் நாய்க்கு யூரினே வராம அடைச்சுக்கிட்டா நான் சாதா வீக்கம்னு நெனைக்க மாட்டேன், கல்லா, சீழ் கட்டியா, கேன்சரான்னு தேட ஆரம்பிப்பேன்.

ஏன் பெருசாகுதுன்னா, விதைல சுரக்கிற டெஸ்டோஸ்டிரோன் ப்ராஸ்டேட்டுக்குள்ள போய் டைஹைட்ரோ டெஸ்டோஸ்டிரோன்னு இன்னும் வீரியமான ஹார்மோனா மாறுது, அது வருஷக்கணக்கா அந்த செல்களை வளர வச்சிட்டே இருக்கு. ஆபரேஷன் பண்ணாத ஆண் நாய்க்கு 5, 6 வயசு தாண்டினா பெரும்பாலானதுக்கு இந்த மாற்றம் இருக்கும், 9 வயசு வாக்குல கிட்டத்தட்ட எல்லாத்துக்கும் இருக்கும். ஆனா நிறைய நாய் ஒரு தொந்தரவும் இல்லாம வாழ்ந்துட்டு போயிரும், அதுங்களுக்கு வைத்தியமே தேவையில்ல. ஸ்கேன்ல "ப்ராஸ்டேட் பெருசா இருக்கு"ன்னு ஒரு வரி வந்துட்டாலே பயந்துடாதீங்க, அறிகுறி இருக்கான்னுதான் பாக்கணும். டைகருக்கு அறிகுறி இருக்கு, அதனால அவனுக்கு பாக்கணும்.

இப்ப உங்க கதையில இருக்கிற சிக்கலுக்கு வர்றேன். ஆன்டிபயாடிக் குடுத்தப்போ நின்னுது, நிறுத்தினதும் வந்துது, அப்போ இன்ஃபெக்‌ஷன்தானேன்னு தோணும். அப்படி சொல்லிட முடியாது. வெறும் வீக்கத்துல வர்ற ரத்தம் தானா வரும், தானா நிக்கும், திரும்ப வரும், ஒரு மாத்திரையும் குடுக்கலன்னாலும் அப்படித்தான். அந்த நிக்கிற வாரத்துல மாத்திரை விழுந்துட்டா மாத்திரையாலதான் நின்னுச்சுன்னு ஆயிடும். இது ஒரு சாத்தியம். இன்னொண்ணு, நிஜமாவே இன்ஃபெக்‌ஷன் இருந்து, தப்பான மருந்தோ கம்மியான நாளோ குடுத்ததால அரைகுறையா அடங்கி திரும்ப வந்திருக்கலாம். வீட்லேர்ந்து பாக்க ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும், பிரிச்சு சொல்ல டெஸ்ட் வேணும்.

அந்த ரெண்டாவது சாத்தியத்தை கொஞ்சம் விவரமா சொல்றேன், நம்ம ஊர்ல நாய்ங்க மாசக்கணக்கா அவஸ்தைப்படுறது இதுலதான். ரத்தத்துக்கும் ப்ராஸ்டேட்டுக்கும் நடுவுல ஒரு தடுப்பு இருக்கு, கேட்ல நிக்கிற வாட்ச்மேன் மாதிரி, எல்லா மருந்தையும் உள்ள விடாது. கொழுப்புல கரையக்கூடிய சில மருந்துதான் நல்லா உள்ள போகும், அந்த சுரப்பியோட நீர் லேசா அமிலமா இருக்கறதால எந்த மருந்து உள்ள தங்கும்ங்கறதும் மாறும். நம்ம ஊர்ல நாய்க்கு சகஜமா குடுக்கிற அமாக்ஸிசிலின் கிளாவுலனேட், செஃபலெக்ஸின் எல்லாம் அங்க சரியா போகாது. என்ரோஃப்ளாக்சசின், மார்போஃப்ளாக்சசின் வகையும், ட்ரைமெத்தோப்ரிம் சல்ஃபாவும் போகும். இதுல ஏமாத்துற விஷயம் என்னன்னா, இன்ஃபெக்‌ஷன் உக்கிரமா இருக்கிறப்போ அந்த தடுப்பே உடைஞ்சு போயிருக்கும், எந்த மருந்தும் உள்ள போயிரும், நாய் ரெண்டு மூணு நாள்ல எழுந்து சாப்பிடும், நமக்கு சந்தோஷம். இன்ஃபெக்‌ஷன் அடங்க அடங்க தடுப்பு திரும்ப ஒழுங்காகிடும், மருந்து வெளியவே நின்னுடும், உள்ள மிச்சமிருக்கிற கிருமி பெருகும். அதனாலதான் மருந்தும் சரியா இருக்கணும், குறைஞ்சது 4 வாரம், நாள்பட்டதுன்னா 6 வாரம் வரைக்கும் குடுக்கணும். 5 நாள் கோர்ஸ்ல ப்ராஸ்டேட் இன்ஃபெக்‌ஷன் குணமாகும்னு எதிர்பார்க்கவே கூடாது.

நாள்பட்ட இன்ஃபெக்‌ஷனுக்கு காய்ச்சல், படுக்கை எல்லாம் இருக்காது, அதுதான் ஆபத்து. நாய் நல்லாத்தான் இருக்கும், ஆனா யூரின் இன்ஃபெக்‌ஷன் திரும்ப திரும்ப வரும். ஆபரேஷன் பண்ணாத ஆண் நாய்க்கு யூரின் இன்ஃபெக்‌ஷன்னு யாராவது சொன்னா, ப்ராஸ்டேட்லயும் இருக்குன்னு வச்சுக்கிட்டுதான் வைத்தியம் பண்ணணும், இல்லைன்னு நிரூபணம் ஆகுற வரைக்கும். பெண் நாய்க்கு குடுக்கிற அதே சின்ன கோர்ஸ் இங்க பத்தாது.

ஒரு நிஜ கேஸ் சொல்றேன், உங்க கதைக்கு ரொம்ப பக்கம். பெரம்பூர்ல ஒரு வீட்டு லேப், 8 வயசு, 34 கிலோ. முதல்ல வந்தது ரத்தச் சொட்டும் தட்டையான ஆயும்தான், பையன் ஜாலியா இருந்தான். ஸ்கேன்ல ப்ராஸ்டேட் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி சமமா பெருசா, நீளம் 5.8 செ.மீ., உள்ள ஓரிரண்டு சின்ன நீர்க்குமிழி. ஆசனவாய் வழியா விரல் விட்டு பாத்தா வழுவழுன்னு இருந்துச்சு, அமுக்கினா வலி இல்ல. வெறும் வீக்கம்னு சொல்லி ஆபரேஷன் பண்ணிடலாம்னேன், வீட்ல பெரியவர் ஒத்துக்கல, அப்புறம் பாக்கலாம்னு போயிட்டாங்க. ரெண்டு மூணு மாசம் கழிச்சு ஒரு நாள் ராத்திரி வாந்தி, காய்ச்சல், முதுகை வளைச்சு நிக்கிறான், மாடிப்படி ஏற மாட்டேங்கிறான். வேற ஒரு இடத்துல காட்டி ஒரு வாரம் அமாக்ஸிசிலின் கிளாவுலனேட் குடுத்திருக்காங்க, தேறிட்டான், மருந்து முடிஞ்ச பத்து நாள்ல திரும்ப அதே. அப்பதான் என்கிட்ட வந்தாங்க.

விரல் வச்சதுமே கத்திட்டான். ரத்தத்துல வெள்ளை அணு ஏறியிருந்துச்சு. ஸ்கேன்ல முன்னாடி ஒரே சீரா தெரிஞ்ச ப்ராஸ்டேட் இப்ப திட்டுதிட்டா இருந்துச்சு, நல்லவேளை பெரிய சீழ் பை எதுவும் இல்ல. இந்த நிலையில நான் ப்ராஸ்டேட்டுக்குள்ள ஊசி விட்டு சாம்பிள் எடுக்க மாட்டேன், உள்ள சீழ் இருந்தா ஊசி போன வழியில அது வயித்துக்குள்ள பரவலாம். அதுக்கு பதிலா வயித்து வழியா மூத்திரப்பையிலேர்ந்து நேரா ஊசில யூரின் எடுத்து, கிருமியை வளர்த்து பாக்கிற கல்ச்சர் டெஸ்டுக்கு அனுப்பினோம். கீழ பிடிச்ச யூரின் வேணாம், அதுல தோல்ல இருக்கிற கிருமியும் சேர்ந்து வளர்ந்து குழப்பும். ஈ கோலை வந்துச்சு, இந்த நோய்ல அடிக்கடி பாக்கிறது அதுதான். அதுக்கு எந்த மருந்து கேட்கும்னு லிஸ்ட்ல பாத்து, அதுல ப்ராஸ்டேட்டுக்குள்ள போகக்கூடியது எதுன்னு பாத்து என்ரோஃப்ளாக்சசின் குடுத்தோம். நம்ம ஊர்ல இந்த மருந்துக்கு பழகிப்போன கிருமி நிறைய, அதனால கல்ச்சர் இல்லாம ஒரு மாசம் குடுக்கிறது சரியில்ல.

சின்ன விஷயம், ஆனா நம்ம வீடுகள்ல ரொம்ப நடக்குது: இந்த மாத்திரையை தயிர்சாதத்துலயோ பால்லயோ பனீர்லயோ ஒளிச்சு குடுக்காதீங்க, கால்சியம் மருந்தை பிடிச்சு வச்சுக்கும், உடம்புல ஏறாது. ஒரு சின்ன சிக்கன் துண்டுல வச்சு குடுங்க. சல்ஃபா மருந்து வாரக்கணக்கா குடுத்தா கண்ணு காய்ஞ்சு போகுதான்னு பாக்கணும், கண்ணுல பிசுபிசுன்னு அழுக்கு சேர்ந்தா உடனே சொல்லுங்க.

அந்தப் பையனுக்கு மருந்து ஆரம்பிச்சு காய்ச்சல் போய், சாப்பிட ஆரம்பிச்சு, ரத்தம் நார்மலுக்கு வந்த பிறகு, ரெண்டாவது வாரத்துக்கு மேல கேஸ்ட்ரேஷன் பண்ணோம், மருந்தை நிறுத்தாமயே. இந்த வரிசை முக்கியம். காய்ச்சலும் இன்ஃபெக்‌ஷனும் உச்சத்துல இருக்கிறப்போ மயக்க மருந்து குடுக்கறதே ரிஸ்க், வெட்டுற இடத்துல அந்த கிருமி போய் உக்காரவும் வாய்ப்பிருக்கு. அதே சமயம் மருந்து மட்டும் குடுத்துட்டு விட்டாலும் சரிவராது, பெரிய ப்ராஸ்டேட் இருக்கிற வரைக்கும் கிருமிக்கு தங்க இடம் இருக்கு. ஹார்மோன் நின்னா சுரப்பியும் சுருங்கும், அது சுரக்கிற நீரும் குறையும், அப்பதான் இன்ஃபெக்‌ஷன் வேரோட போகும்.

சுருங்குற வேகம் ஆச்சரியமா இருக்கும். ஆபரேஷன் முடிஞ்சு சுமார் 3 வாரத்துல பருமன் பாதியாகிடும், 9 வாரத்துல முக்கால்வாசி கிட்ட குறைஞ்சிடும். ஸ்கேன் ரிப்போர்ட்ல நீளம் மட்டும் பாத்துட்டு "பாதி ஆகலையே"ன்னு கேக்காதீங்க, நீளம் அகலம் உயரம் மூணும் கொஞ்சம் கொஞ்சம் குறைஞ்சாலே பருமன் பாதியாகிடும். அந்த லேபுக்கு மூணாவது வாரத்துல நீளம் 4.6, ஒன்பதாவது வாரத்துல 3.9. ஆய் உருண்டையா வர ஆரம்பிச்சதை வீட்டுக்காரங்களே ஸ்கேனுக்கு முன்னாடி கவனிச்சுட்டாங்க. ரத்தம் ஒரு மாசத்துக்குள்ள நின்னுது. மருந்து மொத்தம் 6 வாரம் போச்சு, நிறுத்தி ஒரு வாரம் கழிச்சு ஒரு கல்ச்சர், ஒரு மாசம் கழிச்சு இன்னொண்ணு, ரெண்டுலயும் கிருமி இல்ல. அந்த கடைசி கல்ச்சரைத்தான் நிறைய பேர் எடுக்காம விட்டுடறாங்க, நாய் நல்லா இருக்கு எதுக்கு செலவுன்னு. நாய் நல்லா இருக்கிறது மட்டும் குணமானதுக்கு அத்தாட்சி இல்ல, மேலதான் சொன்னேன்.

டைகருக்கு நீங்க கேக்க வேண்டியது இதுதான்: விரல் விட்டு ஒரு பரிசோதனை, வயித்து ஸ்கேன், ஊசில எடுத்த யூரின் கல்ச்சர், ரத்த டெஸ்ட். ஆன்டிபயாடிக் கடைசியா என்னைக்கு குடுத்தீங்கன்னு டாக்டர்கிட்ட சொல்லுங்க, ரெண்டு மூணு நாள் முன்னாடி வரைக்கும் குடுத்திருந்தா கல்ச்சர்ல கிருமி வளராமலேயே போகலாம், அவர் சொன்னா கொஞ்சம் நாள் விட்டு எடுங்க. காய்ச்சல் இருந்தா மட்டும் காத்திருக்க வேணாம். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில காட்டலாம், காலைலயே போயிருங்க, கூட்டம் இருக்கும்.

அந்த ரத்தச் சொட்டு ப்ராஸ்டேட்லேர்ந்துதான் வருதான்னும் ஒருத்தர் ஆணுறுப்போட உறையை முழுசா பின்னாடி தள்ளி பாத்துடணும், இதை சென்னைல விடவே கூடாது. தெருநாய்ங்களுக்கு இனப்பெருக்க உறுப்புல வர்ற தொத்து கட்டி ஒண்ணு இருக்கு, காலிஃப்ளவர் மாதிரி சிவப்பா உறுப்போட அடிப்பகுதில இருக்கும், இணை சேர்றப்போ பரவும், அதுவும் இப்படியே சொட்டு சொட்டா ரத்தம் விடும். வீட்டு நாய் ஒரு தடவை கேட் தாண்டி ஓடியிருந்தாலும் வரலாம். அதுக்கு வைத்தியமே வேற, வாராவாரம் வின்கிரிஸ்டின் ஊசி, பெரும்பாலும் நல்லா குணமாகும். அதே மாதிரி உண்ணிக் காய்ச்சல்ல ப்ளேட்லெட் குறைஞ்சாலும் யூரின்ல ரத்தம் வரும், அதனால ரத்த டெஸ்ட்ல ப்ளேட்லெட் எண்ணிக்கையை பாக்கச் சொல்லுங்க. ஆபரேஷனுக்கு முன்னாடி எப்படியும் அது தெரிஞ்சாகணும்.

ஆபரேஷன் பண்ணா சரியாயிடுமான்னா, வெறும் வீக்கம்னா ஆமா, அதுதான் நிரந்தர வைத்தியம், திரும்ப வராது. இன்ஃபெக்‌ஷன்னா ஆபரேஷன் மட்டும் பத்தாது, சரியான மருந்தோட சேர்ந்து. கேன்சர்னா உதவாது. இங்க ஒரு தப்பான நம்பிக்கை ஓடிட்டு இருக்கு, ஆபரேஷன் பண்ணா ப்ராஸ்டேட் கேன்சர் வராதுன்னு. நாய்க்கு அது உண்மை இல்ல. நாயோட ப்ராஸ்டேட் கேன்சர் அபூர்வம், ஆனா அது பெரும்பாலும் ஹார்மோனை நம்பி வளர்றதில்ல, சொல்லப்போனா ஆபரேஷன் பண்ண நாய்கள்ல கொஞ்சம் கூடுதலாவே இருக்குன்னு ஆய்வுகள்ல வந்திருக்கு. அதனால ஆபரேஷன் பண்ணி வருஷங்கள் ஆன நாய்க்கு ப்ராஸ்டேட் பெருசா இருக்குன்னு யாராவது சொன்னா சாதா வீக்கம்னு விட்டுடக் கூடாது, அங்க ஹார்மோனே இல்ல, முதல்ல கேன்சரைத்தான் தேடணும். டைகருக்கும் ஆபரேஷன் முடிஞ்சு ரெண்டு மாசத்துல சுருங்கலைன்னா அதே சந்தேகம்தான்.

அம்மாகிட்ட என்ன சொல்றதுன்னு எனக்கு தெரியும், ஏன்னா நான் தினமும் அந்த அம்மாக்கள்கிட்ட பேசுறேன். அவங்க பாசத்துலதான் சொல்றாங்க. அவங்ககிட்ட ரெண்டு விஷயம் சொல்லுங்க. ஒண்ணு, அவன் இப்ப தினமும் முக்கிட்டு இருக்கான், இப்படியே வருஷக்கணக்கா முக்கினா சில நாய்க்கு ஆசனவாய் பக்கத்து தசை பலவீனமாகி குடலிறக்கம் வரும், அதை சரி பண்ற ஆபரேஷன் இதைவிட பலமடங்கு பெருசு. ரெண்டு, இது சீழ் கட்டியா மாறி உள்ள வெடிச்சா உயிருக்கே ஆபத்து. கேஸ்ட்ரேஷன்னா ஒரு சின்ன வெட்டு, பெரும்பாலும் அன்னைக்கே வீட்டுக்கு வந்துருவான், 10 நாள் நக்காம பாத்துக்கணும். அப்புறம் வெயிட் போடும், லேப் சொல்லவே வேணாம், சாப்பாட்டை கால்வாசி குறைச்சுருங்க. பெரிய ஜாதி குட்டிகளுக்கு ரொம்ப சின்ன வயசுலயே பண்ணா மூட்டுப் பிரச்சனை கூடுதுன்னு சொல்றது சரிதான், ஆனா டைகர் 7 வயசு, எலும்பு எப்பவோ வளர்ந்து முடிஞ்சாச்சு, அந்த கவலை அவனுக்கு இல்ல.

அவ்வளவு சொல்லியும் அம்மா ஒத்துக்கலைன்னாலோ, இதய பிரச்சனையால மயக்க மருந்து குடுக்க முடியாதுன்னாலோ, வெறும் வீக்கத்துக்கு ஃபினாஸ்டெரைடு மாத்திரை இருக்கு, மனுஷனுக்கு குடுக்கிற அதே மருந்துதான். டெஸ்டோஸ்டிரோன் அந்த வீரியமான ஹார்மோனா மாறுறதை தடுக்கும், ஒரு 4 மாசத்துல பருமன் நாற்பது சதவீதம் கிட்ட குறையலாம். ஆனா தினமும் குடுக்கணும், நிறுத்தினா திரும்ப வளரும். டோஸை டாக்டர் எடை பாத்து சொல்லட்டும். வீட்ல கர்ப்பிணி யாராவது இருந்தா உடைச்ச மாத்திரையை அவங்க கையால தொடவே கூடாது, வயித்துல இருக்கிற ஆண் குழந்தையை பாதிக்கும். யாராவது ஈஸ்ட்ரோஜன் ஊசி போட்டா சுருங்கும்னு சொன்னா வேணாம்னுருங்க, எலும்பு மஜ்ஜையை அடிச்சு ரத்தமே உற்பத்தி ஆகாம போன நாய்ங்க உண்டு, ப்ராஸ்டேட்டும் மோசமாகும்.

டெஸ்ட் எடுக்கறதுக்குள்ள டைகர் சாப்பாட்டை நிறுத்தினா, காய்ச்சல் அடிச்சா, வயிறு கல்லு மாதிரி இறுகினா, இல்ல காலை தூக்கி நிக்கிறான் ஆனா யூரின் வரலைன்னா அப்பாயின்ட்மென்ட் வரைக்கும் காத்திருக்காதீங்க, அன்னைக்கே தூக்கிட்டு போங்க. வலிக்குதேன்னு மனுஷங்க சாப்பிடுற பாரசிட்டமால், ப்ரூஃபன் எதையும் வீட்ல குடுத்துடாதீங்க. கல்ச்சர் ரிப்போர்ட் வந்ததும் எந்த கிருமி, எந்த மருந்து கேட்குதுன்னு இங்க போடுங்க, பாத்து சொல்றேன்.